நகராத புள்ளி

எங்கள் அலுவலகம் கீழ்க்கட்டளையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. பள்ளிக்கூட வேன்கள் எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்று பெற்றோரின் போனில் காட்டுவதுதான் எங்கள் தொழில். பம்மல், பல்லாவரம், தாம்பரம், மேடவாக்கம் என்று இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றின் வேன்கள் எங்கள் வரைபடத்தில் சின்னச் சின்ன நீலப் புள்ளிகளாக ஓடும். சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு பாலைப் பொங்கவிடுகிற அம்மாக்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒருத்திதான். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அந்த வேன்களில் ஒன்றில்தான் பம்மலிலிருந்து வருவாள். நேராக எங்கள் அலுவலக வாசலில் இறங்கி, மாடியேறி வந்து, என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பாள்.

அங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு வேனுக்கும் ஒரு வரி. அந்த வரியில் வேன் நம்பர், டிரைவர், எந்த ரூட், கடைசியாக எங்கே இருந்தது எல்லாம் இருக்கும். டிரைவருக்கு முன்னால் பொருத்தியிருக்கும் கருவி சில விநாடிக்கு ஒரு தடவை தான் இருக்கும் இடத்தை அனுப்பும், அந்த வரி மாறும், புள்ளி நகரும். அதே கருவியின் திரையில்தான் டிரைவருக்கு அன்றைய ரூட்டும் தெரியும். ரூட்டை மீறினால் அலுவலகத்தில் அலாரம் அடிக்கும், டிரைவர் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் டிரைவர்களுக்கு ஸ்கிரீன் சொன்னால் சாமி சொன்ன மாதிரி.

ரூட்டுகளைப் பார்த்துக்கொண்டது ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முடிச்சூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். எந்தத் தெருவில் எந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அவசரத்துக்கு ரூட் மாற்ற வேண்டும் என்றால் அக்கா நேராக டேட்டாபேஸுக்குள் புகுந்து மாற்றிவிடுவார். அதற்கென்று ஒரு தனி லாகின் அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

அந்த லாகினுக்கு ஒரு சம்பிரதாயமும் இருந்தது. எதைத் தொட்டாலும் முதலில் பிகின் என்று தட்ட வேண்டும். பிகின் போட்டுவிட்டால், அதன் பிறகு செய்கிற மாற்றம் கமிட் என்று தட்டும் வரை நமக்கு மட்டும்தான் தெரியும். தப்பாகிவிட்டால் ரோல்பேக் என்று சொல்லி ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவிடலாம். முன்பு ஒருவர் பிகின் போடாமல் ஒரு வேனின் ரூட்டை மாற்றப் போய் எல்லா வேனின் ரூட்டையும் ஒரே ரூட் ஆக்கிவிட்டார். அன்றைக்கு மேடவாக்கத்துப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாம் தங்கள் பிள்ளைகள் குரோம்பேட்டைக்குப் போவதாக நினைத்து அலறினார்கள். சூடு கண்ட பூனை கதைதான். அதற்குப் பிறகு பிகின் போடாமல் யாரும் கை வைப்பதில்லை.

அக்கா அதோடு நிற்கவில்லை. பிகின் போட்டு, மாற்றத்தையும் தட்டிவிட்டு, அப்புறம் டிரைவருக்குப் போன் போடுவார். "அண்ணா, ரூட் மாத்துறேன், அந்தப் பக்கம் போக முடியுமா, ஓகேவா?" என்று கேட்டு, அவர் சரி என்றால்தான் கமிட். எல்லோரும் இதைப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். பிகினுக்கும் கமிட்டுக்கும் நடுவில் அந்த வரி பூட்டிக்கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பழையதுதான் தெரியும். ஆனால் வேறு யாரும் அதை மாற்ற முடியாது. கருவியிலிருந்து வருகிற புது இடம் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அக்கா போனில் பேசி முடிக்கும் வரை அந்த வேனின் புள்ளி நகராது.

இதற்குத்தான் டைம்அவுட் என்று ஒன்று இருக்கிறது. பிகின் போட்டுவிட்டு ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால், குறித்த நேரம் வரை பொறுத்துவிட்டு டேட்டாபேஸே அவரை வெளியே தள்ளிவிடும். அவர் செய்த மாற்றம் ரத்தாகும், பூட்டு கழன்றுவிடும். நான் அதை வைத்திருந்தேன். அக்கா இரண்டு தடவை போன் பேச்சின் நடுவே வெளியே தள்ளப்பட்டார். பிறகு சாரிடம் போனார். சார் என்றால் எங்கள் முதலாளி, எதற்கும் பதறாதவர், பதறாத காரியம் சிதறாது என்று அடிக்கடி சொல்வார். "மெஷினுக்கு வெச்சுக்கோம்மா, மனுஷங்களுக்கு எதுக்கு டைம்அவுட்டு?" என்றார். பொது லாகினுக்கு மட்டும் அதை எடுக்கச் சொன்னார். முடியாது சார், தூங்கிவிடுவது மெஷின் இல்லை, மனுஷர்தான் என்று வாதாடினேன். சிரித்தார். கருவிகளின் பக்கமும் எவ்வளவு நேரம் பூட்டுக்காகக் காத்திருக்கலாம் என்று ஒரு வரம்பு வைக்கச் சொன்னேன்; அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். வரம்பு வைக்காவிட்டால் கருவி அனுப்பும் செய்தி காத்துக்கொண்டே இருக்கும். அப்படி ஓர் அடுத்த மாதத்தில்தான் அந்த மழை வந்தது.

காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது, மத்தியானத்துக்கு மேல் கொட்ட ஆரம்பித்தது. பள்ளிகள் சீக்கிரமே விட்டுவிட்டன. வேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ரூட்டாக மாற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். நடுவில் கண்ணாடித் தடுப்பு. அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "அண்ணா, சப்வே பக்கம் போகாதீங்க, பாலத்து மேல ஏறிடுங்க." பிறகு அந்தக் குரல் நின்றது. வேலை முடிந்துவிட்டது போல என்று நினைத்தேன். சற்று நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன், நாற்காலி காலியாக இருந்தது. ஹெல்மெட்டும் இல்லை.

டைல்ஸ் கடைப் பையன்கள் சொல்லித்தான் தெரிந்தது. அவருடைய வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம், படுத்தபடுக்கையாக இருக்கும் மாமனார் தனியாக இருக்கிறாராம், ரெயின்கோட்டைக் கூடப் போட்டுக்கொள்ளாமல் ஓடியிருக்கிறார். பாவமாக இருந்தது. அவர் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தார், அதுவரைக்கும் நிதானம் இருந்திருக்கிறது. கரண்ட் போய் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணினியை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் கண் என் மகளின் புள்ளியில் இருந்தது. பம்மலில் பள்ளிக்கூடச் சாலையிலேயே நின்றிருந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது. அது மேட்டுப்பகுதி, தண்ணீர் நிற்காது. மழைக்கு டிராஃபிக், எள் போட்டால் எள் விழாத நெரிசலாக இருக்கும், நிற்கட்டும், நின்றால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதே வேனில் வருகிற இன்னொரு பிள்ளையின் அம்மா போன் செய்தார். "மேடம், பயமா இருக்கு, வேன் ஏன் நகரவே மாட்டேங்குது?" நான் சொன்னேன், "ஸ்கூல் ரோட்லயே பத்திரமா நிக்குதுங்க, நான் பாத்துட்டுதான் இருக்கேன். என் பொண்ணும் அதுலதான் இருக்கா." அவருக்கு உயிர் வந்தது. நன்றி சொல்லி வைத்தார்.

பிறகு வரைபடமே மெதுவாக ஆரம்பித்தது. ஒரு தடவை தொட்டால் ஒரு மூச்சு விடும் நேரம், அடுத்த தடவை இரண்டு மூச்சு. மழைக்கு எல்லாப் பெற்றோரும் போனைத் திறந்துவைத்திருப்பார்கள், கூட்டம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வேலைப் பழக்கத்தில் உள்ளே போய்ப் பார்த்தேன். வேன்களின் அந்தச் சின்ன அட்டவணை ஊதிப்போயிருந்தது.

அது ஏன் ஊத வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வரியை மாற்றும்போது எங்கள் டேட்டாபேஸ் பழையதை அழிப்பதில்லை. புதிதாக ஒன்றை எழுதிவிட்டுப் பழையதை அப்படியே போட்டு வைக்கும், யாராவது இன்னும் அதைப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று. யாருக்கும் வேண்டாம் என்று நிச்சயமான பிறகு துப்புரவு வேலை ஒன்று தானாகவே வந்து பழையதை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும். எங்கேயோ ஒருவர் பிகின் போட்டு, ஒரு மாற்றமும் செய்துவிட்டு முடிக்காமல் உட்கார்ந்திருந்தால் அந்தத் துப்புரவுக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். அவர் ஆரம்பித்த பிறகு சேர்ந்த குப்பையில் எதையும் அது தொடக்கூடாது. அவர் தொட்டது ஒரே ஒரு வேனாக இருந்தாலும் எல்லா வேன்களின் குப்பையும் மிஞ்சும். நான் பார்த்தபோது துப்புரவு வந்து வந்து வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: இவ்வளவு பழைய வரிகள் கிடக்கின்றன, இன்னும் நீக்க முடியாது.

இன்னும் நீக்க முடியாது என்றால் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். யார் என்று தேடும்போதே திரையில் எல்லாப் புள்ளிகளும் நின்றுபோயின.

எல்லாமே. பல்லாவரத்துப் புள்ளி, மேடவாக்கத்துப் புள்ளி, ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொன்றும். வரவேற்பறையில் போன்கள் மொத்தமாக அடிக்க ஆரம்பித்தன. சார் தன் அறையிலிருந்து வெளியே வந்து, "நெட்டு போயிடுச்சா?" என்றார். ஒரு விஷயம் அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. எல்லாப் புள்ளிகளும் இப்போதுதான் நின்றன. என் மகளின் புள்ளி முன்பே நின்றுவிட்டது.

அந்தப் புள்ளியை விரலால் தொட்டேன். தொட்டால் கடைசியாக இடம் வந்த நேரம் சின்ன எழுத்தில் தெரியும், யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. முக்கால் மணி நேரத்துக்கு முந்தைய நேரம் காட்டியது.

வேன் பள்ளிக்கூடச் சாலையில் நிற்கவில்லை. முக்கால் மணி நேரமாக அது எங்கே என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவிடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னேனே, நான் பார்த்துக்கொண்டிருந்தது எதை?

டிரைவருக்குப் போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். வேனில் வருகிற ஆயா அன்று மழைக்கு வரவில்லை. அக்காவுக்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. என் கணவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்டில் இருந்தார். உள்ளே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். போன் போட ஆட்களே தீர்ந்துபோன பிறகு கணினியின் பக்கம் திரும்பினேன்.

கருவிகள் டேட்டாபேஸுக்குள் வருவதற்கென்று எண்ணி வைத்திருந்த இணைப்புகள் எல்லாம் அடைபட்டிருந்தன. என்ன நடந்திருக்கிறது என்று பார்த்த உடனே புரிந்தது. என் மகளின் வேன் தன் இடத்தை அனுப்பியிருக்கிறது. வரி பூட்டியிருந்ததால் அந்தச் செய்தி ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறது. பதில் வரவில்லை என்று கருவி மறுபடி அனுப்பியிருக்கிறது, அதுவும் நின்றிருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஒரே வேனின் செய்திகள் வரிசையில் நின்று எல்லா இணைப்புகளையும் பிடித்துக்கொண்டன. மற்ற வேன்களுக்கு உள்ளே வர இடமில்லை. இவ்வளவு நேரம் காத்தது போதும் என்று அவற்றைத் திருப்பி அனுப்ப ஒரு வரம்பு இருந்திருந்தால், முதல் செய்தி திரும்பிய உடனே எனக்கு எச்சரிக்கை வந்திருக்கும். பல்லைக் கடித்தேன். சாரைத் திட்டக்கூட அப்போது நேரமில்லை.

நிர்வாகிக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த இணைப்பு உண்டு, அதில் உள்ளே போனேன். வாசலில் நிற்பவர்கள் எல்லாம் யாருக்காக நிற்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாச் சங்கிலியும் ஒரே இடத்தில் போய் முடிந்தது: பொது லாகின், அக்காவின் கணினி, பிகின் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது. கடைசியாக அதில் தட்டியது என்ன என்பதும் தெரிந்தது. என் மகளின் வேன் நம்பர். ரூட்டை மாற்று: சப்வே வேண்டாம், பல்லாவரம் பாலம் ஏறி இருநூறு அடி ரோடு வழியாக.

ரூட்டை மாற்று என்ற சொல் அக்காவின் பிகினுக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது. டிரைவர் போனை எடுக்கவில்லை, அதனால் கமிட் இல்லை, அதற்குள் வீட்டிலிருந்து போன், அக்கா ஓடிவிட்டார். வெளியே இருக்கிறவர்களுக்குப் பழைய வரிதான் தெரியும். டிரைவரின் ஸ்கிரீனும் வெளியேதான் இருக்கிறது. அதில் முக்கால் மணி நேரமாகப் பழைய ரூட்தான். ரயில் பாதைக்கு அடியில் இறங்கிப் போகிற அந்த சப்வேதான்.

சார் என் பின்னால் வந்து நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "கொஞ்சம் பொறு, அவங்க சிஸ்டத்தை நாமளே திறந்து கமிட் பண்ணிட்டா போச்சு," என்றார். அக்கா பூட்டிவிட்டுப் போன திரையின் பாஸ்வேர்டு தெரியாது என்றேன். "அப்ப அந்த இணைப்பையே கில் பண்ணா அவங்க மாத்துனது போயிடுமே?" என்றார். போகும். போகட்டும். நான் திரும்ப எழுதிக்கொள்வேன். வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று அவரிடம் கத்தினேன். அவரிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவசரத்தில் முதலில் கேன்சல் கொடுத்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கேன்சல் என்பது ஓடிக்கொண்டிருக்கிற கட்டளையை நிறுத்துவது. அங்கே எதுவும் ஓடவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தது, நிறுத்த என்ன இருக்கிறது? இது எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம். பயத்தில் கை தெரிந்ததை மறந்துவிடுகிறது. அடுத்து அந்த இணைப்பையே துண்டிக்கிற கட்டளையைக் கொடுத்தேன். துண்டித்தது.

உடனே ரூட்டை மாற்ற உட்கார்ந்தேன். கை தானாகப் பிகின் என்று தட்டியது. அதைப் பார்த்ததும் என் கை மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அழித்தேன். பிகின் இல்லாமல் ஒற்றைக் கட்டளையாகத் தட்டினால் அது முடிந்த உடனே கமிட் ஆகிவிடும். வேன் நம்பரை இரண்டு முறை சரிபார்த்துத் தட்டினேன். அதுவும் நின்றது. எனக்கு முன்னால் அந்த வேனின் செய்திகள் அத்தனையும் வரிசையில் நின்றனவே, அவை ஒவ்வொன்றாக உள்ளே போக வேண்டும்.

சுவரில் இருந்த பெரிய திரையில் புள்ளி அசைந்தது.

முக்கால் மணி நேரப் பயணத்தைச் சில விநாடியில் அது நடித்துக் காட்டியது. பள்ளிக்கூடச் சாலையை விட்டுத் துள்ளியது. பம்மல் மெயின் ரோடு. ஜிஎஸ்டி ரோட்டில் ஏறியது. பல்லாவரம் பாலத்துக்குப் போவதென்றால் அங்கே இடதுபுறம் திரும்ப வேண்டும். திரும்பு, திரும்பு என்று வாய்விட்டுச் சொன்னேன். அது வலதுபுறம் திரும்பியது. அது எப்போதோ திரும்பியாயிற்று, நான் சொல்லி என்ன ஆகப் போகிறது. குரோம்பேட்டைப் பக்கம் போயிற்று. ரயில் பாதையை ஒட்டிய சின்னத் தெருவுக்குள் நுழைந்தது. சப்வேயின் சரிவு தொடங்கும் இடத்துக்கு வந்தது. அங்கே நின்றது.

அதன்மேல் நகரவில்லை. இந்த முறை தொட்டுப் பார்த்தேன். நேரம் இப்போதைய நேரம்தான். உண்மையாகவே அங்கேதான் இருக்கிறது. ஆனால் நிற்பது வேறு, நின்றுபோவது வேறு. என்ஜினுக்குள் தண்ணீர் போய் நின்றிருந்தாலும் புள்ளி இப்படித்தான் இருக்கும். தண்ணீரில் பாதி முழுகி நின்றாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு நீலப் புள்ளிக்கு உள்ளே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் கால் நனைந்திருக்கிறதா, யாராவது அழுகிறார்களா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. என் மகளுக்குத் தண்ணீர் என்றால் பயம், தலைக்குக் குளிப்பாட்டுவதற்கே ஊரைக் கூட்டுவாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சார் தன் கார் சாவியை எடுத்து வந்து, "வா, நேர்ல போயிடலாம்," என்றார்.

படியிறங்கும்போது என் போனில் கட்டளை முடிந்தது என்ற செய்தி வந்தது. ரூட் மாறிவிட்டது. கீழே டைல்ஸ் கடை வாசலில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது, காரின் கதவைத் திறக்கவே முடியவில்லை. நான் மழையில் நின்றுகொண்டு போனையே பார்த்தேன். திரையில் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் புள்ளி இருக்கும் இடமே தெரியவில்லை. துப்பட்டாவால் துடைத்தேன். புள்ளி கொஞ்சம் பின்னால் வந்திருந்தது. என் கண்தான் நடுங்குகிறதோ என்று நினைத்தேன். மறுபடி துடைத்தேன். இன்னும் பின்னால் வந்திருந்தது. பிறகு தெருவை விட்டு வெளியே வந்தது, ஜிஎஸ்டி ரோடு, பல்லாவரம், பாலம். பாலத்தின் உச்சியில் அது ஏறியபோது சார் என் தோளைத் தொட்டு, "ஏறிடுச்சும்மா," என்றார். முன்பு போன் செய்த அந்த அம்மாவின் போன் மறுபடி வந்தது. என்னால் எடுக்க முடியவில்லை.

வேன் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. டிரைவர் என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஷூ நனைந்திருந்தது. அவளை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்ட பிறகுதான் என் கால் தரையில் இருப்பது தெரிந்தது. டிரைவர் அனகாபுத்தூர்க்காரர், எங்களிடம் ரொம்ப நாளாக ஓட்டுகிறார், அதிகம் பேசமாட்டார். அன்று அவரே பேசினார்.

"போனு தண்ணில வுழுந்து செத்துப்போச்சுக்கா. சப்வேல தண்ணி இம்மாம் ஒசரம் கீது. வண்டிய ஓரங்கட்டி நின்னுகினேன். படிக்கட்டு வரைக்கும் தண்ணி ஏறிச்சு, புள்ளைங்க அழுவ ஆரம்பிச்சிச்சு. ஸ்கிரீன்ல இன்னும் சப்வேதான் காட்டினு கீது."

"அப்பவே திருப்பிட்டு வந்திருக்கலாமேண்ணா," என்றேன்.

"வந்திருக்கலாம். ஆனா ஸ்கிரீன் மாறலையே. பாலத்தாண்ட இன்னா கதியோ, அங்க இத்தவுட ஜாஸ்தி தண்ணியோ, எனக்கு இன்னா தெரியும். என் முன்னால ஒரு பஸ்ஸு உள்ள பூந்து அந்தாண்ட ஏறிடுச்சு. நானும் கியர் போட்டேன்க்கா. போட்டு கிளச்சுலேர்ந்து காலை எடுக்கப் போறேன், ஸ்கிரீன் மாறிச்சு. ரிவர்ஸ் எடுத்துட்டேன்."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் பயமில்லக்கா. நீங்க ஆபீஸ்ல பாத்துகினேதான இருப்பீங்க, உங்க புள்ளையும் உள்ள கீது, போவக்கூடாதுன்னா மாத்தியிருப்பீங்க. மாத்தலன்னா போலாம்னுதான் அர்த்தம். அந்தத் தகிரியத்துலதான் கியர் போட்டேன்."

மறுநாள் பொது லாகினுக்கு டைம்அவுட் வந்தது, பூட்டுக்குக் காத்திருப்பதற்கு வரம்பு வந்தது, ஒரு பிகின் மொத்தமாக எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு வந்தது. இடம் பழசானால் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும். போன் பேசிவிட்டுத்தான் பிகின். அக்கா மாமனாரைக் கட்டிலோடு மாடிக்கு ஏற்றிக் காப்பாற்றிவிட்டு, மூன்றாம் நாள் வந்தார். விஷயம் கேட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சார் எதற்கும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். இவ்வளவும் ஒரே நாளில் முடிகிற வேலை என்பது எனக்கு முன்பே தெரியும்.

ஆனால் மழை பெய்த அன்று இரவு மகளைத் துவட்டிப் படுக்கவைத்துவிட்டு நான் தூங்கவில்லை. டிரைவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. தினமும் அவர் வேனில்தான் அவளை ஏற்றி அனுப்புகிறேன். ஏறும்போது அவர் என்னைப் பார்த்து, பாத்துக்குங்கக்கா என்று கையைக் காட்டுவார். நான் தலையாட்டுவேன்.